பிஓவி கேப்ஷன்: பார்ப்பவரை எங்கே நிற்க வைப்பது?

கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறார். யாரென்று சுத்தமாகத் தெரியவில்லை. கையையும் விடமாட்டேன் என்கிறார். தமிழ் வீடுகளில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கடத்தை 20 விநாடி ரீலாக எடுக்க வேண்டும், மேலே "POV:" என்று ஆரம்பிக்கும் கேப்ஷன் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேமரா யாருடைய கண்ணாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். வசனம், நடிப்பு, கேப்ஷனின் சொற்கள், எங்கே வெட்டுவது என்பதெல்லாம் அந்த முடிவுக்குப் பின்னால்தான் வரும். ஆனால் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வீடியோவை எடுத்து முடித்த பிறகு, கேப்ஷனுக்கு முன்னால் அந்த மூன்று எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள்.

பிஓவி, அதாவது பாயின்ட் ஆஃப் வியூ, என்பது திரைக்கதை எழுதுகிறவர்கள் ரொம்ப காலமாகப் பயன்படுத்திவரும் குறிப்பு. ஒரு பாத்திரம் எதைப் பார்க்கிறதோ அதையே கேமரா காட்ட வேண்டும் என்று அர்த்தம். டிக்டாக்கில் இது பார்ப்பவரையே பாத்திரமாக்கும் விளையாட்டாக மாறியது. இந்தியாவில் 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஆள் மாறியது, இடம் மாறியது, இந்தக் கேப்ஷன் பழக்கம் மட்டும் அப்படியே நீடித்தது. இன்று இதே மூன்று எழுத்தின் கீழ் நான்கு வகையான வீடியோக்கள் வருகின்றன. அந்த நான்கையும் நம் கல்யாண வீட்டுப் பெரியவரை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் வழி சுத்தமான பிஓவி. கேமராதான் பார்ப்பவரின் கண். பெரியவர் லென்ஸைப் பார்த்துப் பேசுகிறார். மாட்டிக்கொண்டவரின் முகம் கடைசிவரை தெரியாது. ஏனென்றால் அந்த முகம் பார்ப்பவருடையது.

இதை எடுக்கும்போது கேமராவின் உயரம் முக்கியம். பந்தியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். போனை அங்கே பிடித்தால், நின்றுகொண்டு பேசும் பெரியவர் தானாகவே மேலிருந்து குனிவார். பார்க்கிறவருக்கு எழுந்து ஓட முடியாத உணர்வு வர அது ஒன்றே போதும். போனின் பின்பக்க முதன்மை கேமராவைப் பயன்படுத்துங்கள். முன்பக்க கேமராவில் எடுத்தால் நடிப்பவரின் கண் லென்ஸை விட்டுத் திரையில் தெரியும் தன் முகத்துக்கே போகும். அந்தச் சின்ன விலகலே, அவர் நம்மைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸும் வேண்டாம். கைநீள தூரத்தில் அது மூக்கைப் பெரிதாக்கிக் காதைப் பின்னால் தள்ளும். முகம் கேலிச்சித்திரம் போல ஆனதும் சங்கடம் போய், வெறும் வேடிக்கை மிஞ்சும்.

இப்போது காட்சி. முதலில் இலை தெரிகிறது. பாயசம் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். இலை மேல் ஒரு நிழல் விழுகிறது. கேமரா மெதுவாக நிமிர்ந்தால், வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், வாய் நிறையச் சிரிப்போடு பெரியவர். "என்னைத் தெரியுதா?" அப்புறம் 2 விநாடி மௌனம். இந்த மௌனத்தைத்தான் எடிட்டிங்கில் முதலில் வெட்டிவிடுகிறார்கள். ரீல் தொய்ந்துவிடும் என்று பயம். அந்த 2 விநாடியில்தான் பார்ப்பவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறார். அதை எடுத்துவிட்டால் பெரியவர் தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஆகிவிடும். 4 விநாடி என்றால் விரல் அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடும். 2 விநாடி சரியாக இருக்கும்.

மௌனத்துக்குப் பிறகு, "சொல்லு பார்ப்போம், யாரு நான்?" என்று மறுபடி கேட்கிறார். கேமரா சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறது. அம்மா யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார், முதுகுதான் தெரிகிறது. திரும்ப இந்தப் பக்கம் வந்தால் பெரியவர் அதே சிரிப்போடு, புருவத்தை மட்டும் உயர்த்திக் காத்திருக்கிறார். முகம் தெரியாத பிஓவியில் கேமராவின் அசைவுதான் முகபாவம். சட்டென்று திரும்பினால் பதற்றம். இலையைப் பார்த்துக் குனிந்தால் தவிர்ப்பு. அவர் பிடித்திருக்கும் கையை ஒரு கணம் பார்த்தால், எப்போது விடுவார் என்ற ஏக்கம். இந்த மூன்று அசைவு போதும், அதற்கு மேல் ஆட்டினால் தலை சுற்றும். கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் பேசவே கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அது வேறொருவரின் குரல். பார்ப்பவர் அந்த நிமிடமே நாற்காலியிலிருந்து எழுந்து பார்வையாளராகிவிடுவார்.

நம் ஊருக்கே உரிய ஒரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. நம் உறவுகள் எல்லாம் விளிச்சொல்லில் இருக்கின்றன. அம்மா அவரைப் பார்த்து "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டால், அவர் அம்மா வழியில் மாமா முறை என்று நமக்கு விளங்கிவிடும், புதிர் பாதி அவிழ்ந்துவிடும். அதனால் இந்தக் காட்சியில் யாரும் யாரையும் முறை வைத்துக் கூப்பிடவே கூடாது. பெரியவர் "என்னம்மா, உன் பையனுக்கு என்னையே தெரியலையே" என்கிறார். அந்த "அம்மா"வில் எந்தத் துப்பும் இல்லை, யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடலாம். அம்மா திரும்பி, "தெரியாம என்ன? சும்மா விளையாடுறான்" என்று சொல்லிவிட்டு, லென்ஸைப் பார்த்து, "சொல்லுடா" என்கிறார். பார்ப்பவருக்கு இருந்த ஒரே உதவியும் போய்விட்டது. இரண்டு முகமும் லென்ஸைப் பார்த்தபடி காத்திருக்கும் அந்த இடத்தில் வெட்டிவிட வேண்டும். பெரியவர் யாரென்று சொல்லிவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடும். அது தீராமல் இருந்தால்தான் கருத்துப்பகுதியில் ஆளாளுக்கு "நான் உடனே பெரியப்பான்னு சொல்லிடுவேன்" என்று எழுதுவார்கள்.

இதற்கான கேப்ஷன்: "POV: கல்யாண வீட்ல ஒருத்தர் கையைப் பிடிச்சு 'என்னைத் தெரியுதா'ங்கிறாரு". இடம், நடந்தது இரண்டும் வந்துவிட்டன. உங்களுக்குத் தெரியவில்லை என்பதை எழுதவே கூடாது, அதை மௌனம் சொல்லும். "ரொம்ப சங்கடமான தருணம்" என்றெல்லாம் எழுதினால், பார்ப்பவர் உணர வேண்டியதை நாமே உணர்ந்து முடித்துவிட்டோம் என்று ஆகிவிடும். நீயா நீங்களா என்ற சிக்கலும் இங்கே வரவில்லை. கவனித்தீர்களா? கேப்ஷனில் முன்னிலையே கிடையாது. 18 வயதுப் பையனும் பார்ப்பான், 45 வயது அக்காவும் பார்ப்பார். "நீ" என்றால் ஒருவருக்கு உறுத்தும், "நீங்கள்" என்றால் இன்னொருவருக்கு அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும். எதிரில் இருப்பவர் செய்வதை மட்டும் எழுதினால், நீ என்று கூப்பிடும் வேலையை லென்ஸைப் பார்க்கும் அந்தக் கண்களே செய்துவிடும். காட்சியில் பெரியவர் "சொல்லு பார்ப்போம்" என்று ஒருமையில் பேசுவது வேறு விஷயம். அவர் வயதுக்கு அது இயல்பு, யாரையும் உறுத்தாது.

இந்த வழிக்கு ஒரு பழைய பாடமும் உண்டு. 1947இல் ராபர்ட் மான்ட்கோமரி இயக்கி நடித்த 'லேடி இன் தி லேக்' படம் ஏறக்குறைய முழுவதும் துப்பறிவாளரின் கண் வழியாகவே எடுக்கப்பட்டது. கண்ணாடியில் தெரியும்போதும், இடையிடையே அவர் நேராக நம்மிடம் பேசும்போதும்தான் நாயகனின் முகம் தெரியும். நீங்களும் சேர்ந்து கொலையைத் துப்பறியுங்கள் என்கிற மாதிரிதான் விளம்பரமும் செய்தார்கள். புதுமை என்று பேசப்பட்டது, ஆனால் வழக்கமாக எடுக்கும் முறையாக அது வேரூன்றவில்லை. ஒரு ஆளோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணிக்க நமக்கு அவருடைய முகம் வேண்டியிருக்கிறது. 20 விநாடிக்கு வேண்டியதில்லை. சுத்தமான பிஓவி சினிமாவில் தடுமாறி, செல்போனில் நன்றாக ஓடுவதற்குக் காரணம் இந்த நீளம்தான் என்பது என் கணிப்பு. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் இங்கேயும் அதே தடுமாற்றம் வரும்.

சங்கடம் எதிராளியின் முகத்தில் இருந்தால் இந்த வழிதான் சரி. நம் மேலேயே இருந்தால் சரிவராது. சட்டையில் சாம்பார் கொட்டியிருக்கிறது, பேன்ட் பின்னால் கிழிந்திருக்கிறது, நேர்காணலில் பாதியில் வயிறு சத்தம் போடுகிறது. இதிலெல்லாம் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எதிரில் உள்ளவர்களின் பார்வை கீழே போவதை வைத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியைத்தான் இன்று அதிகம் பார்க்கிறோம். மாட்டிக்கொண்டவரின் முகத்தைக் காட்டிவிட்டு, மேலே "POV:" என்று எழுதுவது. ஒரே ஆள் போதும், போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு நடித்துவிடலாம். பெரியவரின் குரல் மட்டும் வெளியிலிருந்து வரும். பையன் சிரிக்கிறான், விழிக்கிறான், "ஆங்... தெரியுமே..." என்று இழுக்கிறான்.

இதில் சிரிப்பு வராது என்று சொல்லவே மாட்டேன். நன்றாக நடிக்கத் தெரிந்தவருக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. ஆனால் இங்கே பார்ப்பவர் உள்ளே இல்லை, வெளியே நின்று தன்னைப் போன்ற இன்னொருவரைப் பார்க்கிறார். "ஐயோ, இது நான்தான்" என்பார். அது அடையாளம் கண்டுகொள்கிற மகிழ்ச்சி. மாட்டிக்கொண்ட உணர்வு வேறு. முதல் வழியில் உள்ளங்கை வியர்க்கும், இரண்டாவதில் சிரிப்பு வரும். எது வேண்டும் என்று தெரிந்து எடுத்தால் இரண்டும் நல்லதே.

சிரிப்புதான் வேண்டும் என்றால் அந்த மூன்று எழுத்தை விட்டுவிடுங்கள் என்பேன். இப்படிப் பயன்படுத்துவது பரவிவிட்டது, யாரும் குழம்பப்போவதில்லை என்பது உண்மை. அதை ஒரு தப்பாகப் பிடித்துக்கொண்டு கருத்துப்பகுதியில் சண்டை போடுவதில் பயனில்லை. ஆனால் எடுத்துவிட்டால் கேப்ஷனே நன்றாக வருகிறது. "கண்டுபிடிக்கிற வரைக்கும் கையை விடமாட்டாராம்" என்று மட்டும் போட்டுப் பையனின் முகத்தைக் காட்டுங்கள். கேப்ஷன் ஒரு தகவலும் முகம் இன்னொரு தகவலும் சொல்கின்றன. "POV: உன்னை யாருன்னு தெரியாத சொந்தக்காரர்கிட்ட மாட்டிக்கிட்ட" என்று எழுதினால் முகம் சொல்ல வேண்டியதையே கேப்ஷனும் சொல்கிறது. தவிர, தெரியாதது யாருக்கு, அவருக்கா நமக்கா என்றும் ஒரு கணம் தடுக்குகிறது. திரையில் அந்த ஒரு கணம் பெரிய நஷ்டம்.

மூன்றாவது வழியைக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பையனின் முகமும் தெரிய வேண்டும், பிஓவியும் உண்மையாக இருக்க வேண்டும் என்றால், பார்ப்பவரைப் பெரியவராக்கிவிடலாம். கேமரா இப்போது கேள்வி கேட்டவரின் கண். கேப்ஷன்: "POV: எட்டு வருஷம் கழிச்சு வந்த சித்தப்பா நீங்க. அண்ணன் பையன் இன்னும் யோசிக்கிறான்".

இங்கே "நீங்க" கூச்சமில்லாமல் உட்காருகிறது. சித்தப்பாவை வேறு எப்படிக் கூப்பிடுவது? பையன் லென்ஸைப் பார்த்து, "வாங்க, வாங்க... எப்ப வந்தீங்க? நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று முறைச்சொல் வராமல் வாக்கியங்களை அடுக்குகிறான். யாரென்று தெரியாமலேயே பேச்சை ஓட்டும் அந்தத் திறமையை நாம் எல்லாரும் ஒருநாள் காட்டியிருப்போம். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அவன் கண் நம் முகத்தில் துப்புத் தேடுவது தெரிகிறது. பையன் நம்மைவிட வளர்ந்துவிட்டான் என்பதால் கேமராவைக் கொஞ்சம் கீழே வைத்து அண்ணாந்து பார்க்கவிடலாம். "எவ்ளோ வளர்ந்துட்டான்" என்பதை வசனமில்லாமல் சொல்லிவிடலாம். கடைசியில் அவன் "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்கிறான். வெட்டு. சித்தப்பாவை அங்கிள் என்றுவிட்டான். சிரிப்போடு சின்னதாக ஒரு வலியும் வருகிறது, ஏனென்றால் மறக்கப்பட்டவர் நாம்தான்.

இந்த வழி இன்னொரு இடத்தில் கட்டாயமாகவே தேவைப்படுகிறது. எல்லாச் சங்கடமும் லேசானது கிடையாது. "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கல்யாணமாகி மூன்று வருடமான பெண்ணிடம் கேட்பது, நிறத்தைப் பற்றிப் பேசுவது, வேலை போனவரிடம் சம்பளம் கேட்பது. இவற்றை முதல் வழியில் எடுத்தால், நிஜமாகவே அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு வீடு வந்து, படுக்கையில் போனைத் திறந்த ஒரு பெண்ணிடம், அதே கேள்வியை அதே உயரத்திலிருந்து, கண்ணைப் பார்த்து, நாம் மறுபடி கேட்கிறோம். முதல் வழியின் பலமே இங்கே அதன் கெடுதல். பார்ப்பவரைக் கேட்டவராக மாற்றினால் கதை வேறாகிறது. "POV: விசேஷம் உண்டான்னு கேட்டுட்டீங்க" என்ற கேப்ஷனின் கீழ் அந்தப் பெண்ணின் முகம் 3 விநாடி. அவள் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "காபி போடவா அத்தை?" என்கிறாள். கேட்ட வாயை மூடத் தெரியாமல் நிற்பது இப்போது பார்ப்பவர். இந்த வகைப் பொருளுக்கு வேறு வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான்காவது வழி, வெட்டி வெட்டி எடுப்பது. பையனின் முகம், அவன் பார்க்கும் பெரியவர், மறுபடி அவன் முகம். ஹிட்ச்காக் 1954இல் 'ரியர் விண்டோ'வில் காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வைத்து இதைத்தான் படம் முழுக்கச் செய்தார். பார்வையும் கிடைக்கிறது, எதிர்வினையும் கிடைக்கிறது. இரண்டு பேர் நடிக்கத் தயாராக இருந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் போகும் கதை என்றால் தயங்காமல் இதை எடுங்கள். கேப்ஷனில் மட்டும் பிஓவி வேண்டாம். இது அவன் கண்ணுக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் போகிற கதை.

எந்த வழியானாலும் கேப்ஷன் திரையில் உட்காரும் இடம் ஒன்றுதான். ரீல்ஸில் கீழ்ப்பகுதியைக் கணக்குப் பெயரும் விளக்கமும் பிடித்துக்கொள்ளும், வலது ஓரத்தின் கீழ்ப்பாதியில் பொத்தான்கள் இருக்கும். அதனால் மேலே, ஆனால் உச்சியை ஒட்டாமல், பெரியவரின் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே வைப்பது நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளம். தானாக மடங்கவிட்டால் "கையைப்" ஒரு வரியிலும் "பிடிச்சு" அடுத்த வரியிலும் போய் நிற்கும். நீங்களே வரி பிரித்து, 3 வரிக்குள் முடியுங்கள். முதல் 2 விநாடியில் திரையில் பெரிதாக எதுவும் நடக்கக் கூடாது, கண் கேப்ஷனைப் படிக்கும் நேரம் அது. நம் காட்சியில் இலையிலும் பாயசத்திலும் ஆரம்பித்தது அதற்காகத்தான்.

நிஜக் கல்யாணத்தில், நிஜப் பெரியவர் வந்து பேசும்போது தெரியாமல் போனை ஓடவிட்டு எடுப்பதையும் ஐந்தாவது வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் பாசத்தோடு வந்தார். அவருடைய முகத்தை அவருக்குத் தெரியாமல் ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை கிடையாது. தெரிந்த மாமா ஒருவரை உட்காரவைத்து நடிக்கச் சொன்னால், பெரும்பாலும் நிஜத்தைவிட நன்றாகவே செய்வார்.

வீடியோ தயாரானதும், எடுக்கும்போது அங்கே இல்லாத ஒருவரிடம், சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரே ஒருமுறை காட்டுங்கள். முடிந்ததும், "இதுல நீ யாரு?" என்று மட்டும் கேளுங்கள். முதல் வழியில் எடுத்திருந்தால் "சாப்பிட்டுட்டு இருக்கிறவன்" என்று வர வேண்டும், மூன்றாவதில் "சித்தப்பா" என்று வர வேண்டும். "நானா? நான் எதுவும் இல்லையே, அந்தப் பையன்தான் பாவம்" என்று பதில் வந்தால் நீங்கள் இரண்டாவது வழியில் எடுத்திருக்கிறீர்கள். மறுபடி ஷூட் பண்ண வேண்டியதில்லை. "POV:" என்பதை அழித்துவிட்டு, முகம் சொல்லாத ஒரு விஷயத்தைக் கேப்ஷனில் எழுதினால் போதும்.